ஒரு கிலோமீட்டர் முந்நூறு மீட்டருக்கு ஒன்றரை வருடம்

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியை. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் நடந்து வருவதற்குப் பாதுகாப்பான வழி ஒன்றை வரைபடத்தோடு எழுதி ஊராட்சி மன்றத்துக்குக் கொடுத்தேன். ஒரு கடிதம், ஒரு படம், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 2023 ஆகஸ்டில் தொடங்கியது 2025 ஜனவரி வரை இழுத்தது. ஐந்து தற்செயல் விடுப்பு போனது, கைக்காசு சுமார் 3,800 ரூபாய் போனது, நடுவில் மெமோவும் வாங்கினேன். யாராவது முதலிலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

அந்த ஜூலையில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தார்ச்சாலையைக் கடக்கும்போது வளைவில் வந்த இருசக்கர வாகனம் தட்டிவிட்டது. இடது முன்கை எலும்பு முறிவு. ஆட்டோவில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வலியில்கூட அவள் அழவில்லை. "டீச்சர், டிபன் பாக்ஸ் ரோட்டுலயே கிடக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எழுதியதெல்லாம் ஆத்திரம்.

அதை ஆகஸ்ட் 14 அன்று தலைவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் சுதந்திர தின கிராம சபையில் படிப்பார்கள் என்று நம்பிக்கை. அவர் நல்ல மனிதர்தான், "கண்டிப்பா பாத்துருவோம் டீச்சர்" என்று வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட்டப்பொருள் ஒரு வாரத்துக்கு முன்பே தயாராகி ஒட்டப்பட்டுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் கொடுக்கும் கடிதம் எதிலும் சேராது. கிராம சபை வருடத்தில் ஆறு நாள் நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒரு தேதியைக் குறிவைத்து, பதினைந்து நாள் முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் செயலரிடம் கொடுங்கள். தலைவர் வீட்டில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அது இல்லாததால், செப்டம்பரில் போய்க் கேட்டபோது "எந்தக் கடிதம்?" என்று என்னையே கேட்டார்கள்.

செப்டம்பரிலேயே அடுத்த அடியும் விழுந்தது. கடிதத்தின் நகலை யாரோ மேல் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல், முறையான வழியாக அனுப்பாமல், வேறு துறைக்கு நேரடியாக எழுதியது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. பதினாறு வருட சர்வீஸில் முதல் மெமோ. வகுப்பில் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். விளக்கம் கொடுத்தேன், அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் "இனி எதற்கு இந்த வேலை" என்று ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை.

தலைமை ஆசிரியர் என்மேல் கோபமாகத்தான் இருந்தார், நியாயமான கோபம். அவர்தான் வழியும் சொன்னார். "நீங்க ஏன் தனியா எழுதுறீங்க? பள்ளி மேலாண்மைக் குழு எதுக்கு இருக்கு? அதுல தீர்மானம் போட்டா அது பெற்றோர் கேக்குறது. நீங்க படம் வரைஞ்சு கொடுத்த ஆள், அவ்வளவுதான்." கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு அது. தலைவர் ஒரு பெற்றோர், வார்டு உறுப்பினரும் அதில் இருப்பார். அக்டோபர் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது இதைச் செய்ய நினைத்தால், மேலாண்மைக் குழுத் தீர்மானம், தலைமை ஆசிரியரின் முகப்புக் கடிதம், அதோடு இணைப்பாக உங்கள் படம் என்ற வரிசையில் போங்கள். உங்கள் பெயர் எங்கேயும் முன்னால் வர வேண்டியதில்லை. எனக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். முதல் படத்தை வீட்டில் உட்கார்ந்து கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்திருந்தேன். 240 ரூபாய்க்கு ஃப்ளெக்ஸ் வேறு அடித்தேன். தெற்குக் குடியிருப்பிலிருந்து 42 பிள்ளைகள் வருகிறார்கள். தார்ச்சாலை வழி ஆபத்து என்பதால் கண்மாய்க் கரை மேல் ஒரு பச்சைக் கோடு. பார்க்க அழகாக இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் அந்தக் கரையில் நடந்து பார்க்கப் போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா என் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, கலுங்கு பாஞ்சா பிள்ளைக எப்படிம்மா தாண்டும்?" கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாகத்தான் வெளியேறும், என் பச்சைக் கோடு நேராக அதன் மேலேதான் போனது. இரண்டு வாரம் கழித்துப் பெய்த மழையில் கலிங்கில் முழங்கால் அளவு தண்ணீர், அதுவும் இழுப்புத் தண்ணீர். ஃப்ளெக்ஸை யாருக்கும் காட்டாமல் சுருட்டி வைத்தேன். எங்கள் பக்கம் படம் வரைகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை அந்த வழியில் நடக்காமல் கோடு போடக் கூடாது. கோடையில் எல்லாப் பாதையும் நல்ல பாதைதான்.

அப்புறம்தான் பிள்ளைகளிடம் கேட்கத் தோன்றியது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள், வழியில் எங்கே பயமாக இருக்கும் என்று வரையச் சொன்னேன். நான் கனவிலும் நினைக்காதவை எல்லாம் வந்தன. கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தாழத் தொங்கும் கம்பி. டாஸ்மாக்கிலிருந்து திரும்புகிறவர்கள் உட்காரும் பாலம். எதிர்பாராத இன்னொன்று, ஊருக்குள் நடுத்தெரு வழியாக வந்தால் வண்டித் தொந்தரவே இல்லை, ஆனால் தெற்குக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட அந்த வழியை வரையவில்லை. ஏன் என்று கேட்டேன். "அங்க நாய் இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நாய் இருந்தது உண்மை, நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் அந்தக் குடியிருப்பை ஊரில் 'காலனி' என்றுதான் சொல்வார்கள். மீதியை இதைப் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

குடியிருப்பிலிருந்து வண்டிப் பாதை வழியாக வந்து நடுத்தெருவில் சேரும் வழியைத்தான் எடுத்துக்கொண்டேன். தூரத்தை மகளின் சைக்கிளை வைத்து அளந்தேன். பின்சக்கரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, ஒரு சுற்றுக்கு எத்தனை தூரம் என்று டேப்பால் பார்த்தால் 2.05 மீட்டர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ரிப்பன் தரையைத் தொடும்போதெல்லாம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எண்ணிக்கொண்டே வந்தான். 634 சுற்று, அதாவது 1.3 கிலோமீட்டர். தார்ச்சாலை வழியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். இந்த ஒரு எண்ணே பிறகு பல வாயை அடைத்தது. "சுத்து வழியா பிள்ளைகளை நடக்க விடுறீங்களே" என்பதற்கு இது போதும்.

எந்த வழியாக வந்தாலும் தார்ச்சாலையை ஒரு இடத்தில் கடந்துதான் ஆக வேண்டும், பள்ளி அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கே கடப்பது என்பதுதான் மொத்தக் கடிதத்தின் உயிர். எனக்கு இதைச் சரியாகக் கேட்கத் தெரிந்ததே ஒரு தற்செயல். விபத்து நடந்த வளைவில் நின்று பார்த்தால் எனக்கு வண்டி நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு தெரியும்போது எப்படி அடித்தான் என்று யோசித்துக்கொண்டே, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். நான்காம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சாலையே தெரியவில்லை, சீமைக் கருவேலம்தான் தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கும் அந்தப் புதருக்குப் பின்னால் பிள்ளை நிற்பது தெரியாது. இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து குந்தி உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் நம் உயரத்துக்குத்தான் கணக்கு வரும்.

கணக்கு எளிது. சாலை அகலம் 7 மீட்டர். ஒன்றாம் வகுப்புத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா கடக்க, தயங்குவதையும் சேர்த்து 9 விநாடி ஆகிறது, பத்துப் பதினைந்து தடவை ஃபோனில் நேரம் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். 9 விநாடியில் 150 மீட்டர். ஆக, கடக்கத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் குறைந்தது 150 மீட்டராவது தெரிய வேண்டும். வளைவில் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது 55 மீட்டர், மூன்று விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். அங்கிருந்து 140 மீட்டர் தள்ளி, ரேஷன் கடை முன்னால், நேரான சாலை. இரண்டு பக்கமும் 200 மீட்டருக்கு மேல் தெரிகிறது. நடுத்தெருவும் அங்கேதான் வந்து சேர்கிறது. முதல் கடிதத்தின் நாலு பக்க ஆத்திரத்தில் இந்த மூன்று வரி இல்லை.

அடுத்தது, எந்தச் சாலை யாருடையது. எனக்கு இது சுத்தமாகத் தெரியாது. முதல் கடிதத்தில் "உடனே வேகத்தடை அமைக்க வேண்டும்" என்று ஊராட்சியிடம் கேட்டிருந்தேன். அந்தத் தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதரச் சாலை. ஊராட்சி அதில் ஒரு கூடை மண்கூடப் போட முடியாது. நம் ஊர்களில் ஆளாளுக்குப் போட்டுவைக்கும் கூர்மையான திட்டுகள் முறையானவை அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்கு மெல்ல ஏறி இறங்கும், உயரம் 10 சென்டிமீட்டர்தான். அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தத் துறைதான். தெருக்களும் வண்டிப் பாதையும் ஊராட்சியுடையவை. கண்மாய் பெரியது என்றால் நீர்வளத்துறை, ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். வண்டிப் பாதை உண்மையிலேயே பொதுப் பாதையா, பட்டா நிலத்தில் பழக்கத்தால் நடக்கும் ஒற்றையடிப் பாதையா என்பதைப் பார்க்க eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். நான் பார்த்தபோது பாதையில் 60 மீட்டர் ஒருவர் பட்டாவுக்குள் போனது. நல்லவேளை, படத்தில் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதுமாக இருந்தது. பார்க்காமல் கொடுத்திருந்தால் அவர் சபையில் எழுந்து நின்றிருப்பார், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். அதன் நடுப்பகுதியை இங்கே தருகிறேன், யாருக்காவது உதவும்:

"பொருள்: தெற்குக் குடியிருப்பு மாணவர்கள் பள்ளிக்கு நடந்து வர வரையறுக்கப்பட்ட பாதுகாப்பான நடைவழி – கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக. பார்வை: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். தெற்குக் குடியிருப்பிலிருந்து 42 மாணவர்கள் தற்போது வளைவுப் பகுதியில் சாலையைக் கடக்கின்றனர். அங்கு சிறுவர் கண் உயரத்தில் 55 மீட்டர் மட்டுமே தெரிகிறது. இணைப்பு வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டியுள்ள வழி 1.3 கி.மீ. இது வண்டிப் பாதை, நடுத்தெரு வழியாக வந்து ரேஷன் கடை முன் சாலையைக் கடக்கிறது. ஊராட்சியைக் கேட்டுக்கொள்வது: நடைவழியில் உள்ள கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், வண்டிப் பாதையில் முள் அகற்றுதல். ஊராட்சி வழியாக நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுக்கொள்வது: வளைவில் சீமைக் கருவேலம் அகற்றுதல், ரேஷன் கடை முன் பள்ளி எச்சரிக்கைப் பலகையும் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பும். மின்வாரியத்தைக் கேட்டுக்கொள்வது: தாழ்ந்த கம்பியைச் சரிசெய்தல்."

எந்த அலுவலகத்திடம் எதைக் கேட்கிறோம் என்று பிரித்ததுதான் இதில் முக்கியம். முதல் கடிதத்தில் பதினொரு கோரிக்கை இருந்தன, எல்லாமே ஊராட்சியிடம். படத்தை இந்தத் தடவை சார்ட் பேப்பரில் கையால் வரைந்தோம். வடக்குத் திசைக் குறி வேண்டாம் என்று விட்டுவிட்டு வேப்பமரம், பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று அடையாளம் போட்டோம். ஊர்க்காரர்களுக்குப் படம் புரிந்தது அதனால்தான்.

2024 ஜனவரி 26, கிராம சபை. செயலர் கடிதத்தைப் படித்தார். நடுத்தெரு என்றதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "காலங்காலமா ரோட்டு வழியாத்தான போறாக, இப்ப எதுக்குப் புதுசா தெருவுக்குள்ள?" ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பேசினால் மெமோ, பேசாவிட்டால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது? மேலாண்மைக் குழுத் தலைவி, கை முறிந்த பிள்ளையின் பெரியம்மா, அவர்தான் எழுந்தார். "ஊராட்சி சிமெண்டு போட்ட தெருண்ணே அது. எங்க பிள்ளையும் வரி கட்டுற வீட்டுப் பிள்ளைதான்." ஊராட்சிச் சாலைப் பதிவேட்டில் அந்தத் தெரு இருக்கிறதா என்று நான் முன்பே செயலரிடம் கேட்டு வைத்திருந்தேன், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை வாசித்தார். பட்டியல் சாதியினரைப் பொதுப் பாதையில் போகவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமல் பதிவேட்டைத் திறந்ததே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள், இருக்கட்டும். தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தது என் அடுத்த தவறு. கிணற்றுச் சுவரும் வண்டிப் பாதை முள்ளும் மார்ச் தொடக்கத்துக்குள் ஊராட்சி செய்துவிட்டது. பிறகு நாடாளுமன்றத் தேர்தல், நடத்தை விதி, எல்லாம் நின்றது. ஜூனில் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுப் போனால், அப்படி ஒரு தீர்மானமே வரவில்லை என்றார்கள். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை போனேன், மூன்று விடுப்பு அதிலேயே காலி. கடைசியில் மேலாண்மைக் குழுத் தலைவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானம் எந்தத் தேதியில், எந்த எண்ணில் அனுப்பப்பட்டது என்று கேட்டார். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் அல்லவா, பதில் வருவதற்குள் தீர்மானமே அனுப்பப்பட்டுவிட்டது. இதை பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம். தீர்மானம் நிறைவேறிய மறுவாரம் நகலைக் கேட்டு வாங்கி, நீங்களே ஒரு பிரதியை விரைவுத் தபாலில் அந்தத் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.

செப்டம்பரில் உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார். வளைவில் நான் குந்தி உட்கார்ந்து காட்டியபோது முதலில் சிரித்தார், பிறகு அவரும் உட்கார்ந்து பார்த்தார். வேகத்தடைக்கு மேலே அனுமதி வேண்டும் என்றார், அது இன்றுவரை வரவில்லை. ஆனால் அக்டோபருக்குள் சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள், பள்ளிப் பலகை நட்டார்கள், ரேஷன் கடைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டைகள் போட்டார்கள். வளைவில் இப்போது பிள்ளையின் உயரத்திலிருந்து 120 மீட்டர் தெரிகிறது. பிள்ளைகள் அங்கே கடப்பதில்லை என்றாலும் அளந்து பார்த்தேன்.

42 பேரில் 30 பேர் நடுத்தெரு வழியாக வருகிறார்கள். முதல் இரண்டு வாரம் நானும் சத்துணவு அமைப்பாளர் அக்காவும் காலை 8.30க்கு அவர்களோடு நடந்தோம். தெருவில் ஒரு வீட்டம்மா முதல் நாள் கதவைச் சாத்தினார், பத்தாம் நாள் நாயைக் கட்டிப் போட்டார். மீதிப் பன்னிரண்டு பேர் இன்னும் தார்ச்சாலையில்தான் வருகிறார்கள். வீட்டில் அப்படித்தான் போகச் சொல்கிறார்கள், நான் வற்புறுத்தவில்லை. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடந்து, ரேஷன் கடை வந்து கடக்கச் சொல்லியிருக்கிறேன், அதைக் கேட்கிறார்கள்.

2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்த தெருவிளக்கு இரண்டும் அதோடு போயின. தீர்மானப் புத்தகத்தில் இருந்தது மட்டும் நின்றது. வளைவில் வெட்டிய கருவேலம் வேரோடு எடுக்கப்படாததால் மறுபடி துளிர்த்து முட்டி அளவுக்கு வந்துவிட்டது. போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன்கள் சார்ட்டில் அந்த இடத்தில் பச்சை கிரேயானால் ஒரு புதர் வரைந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்து தலைமை ஆசிரியர் மேசையில் வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி.